நோட்டீஸ் படத்தில் 35 டிகிரி, திருச்சி மாடியில் 10 டிகிரி: சோலார் பேனலை எப்படி வைப்பது?

வீட்டு மாடிக்கு சோலார் போடச் சொல்லி வரும் நோட்டீஸ்கள் பலவற்றில் ஒரே மாதிரிப் படம்தான் இருக்கும். சிவப்பு ஓட்டுக் கூரை, அதில் 35 டிகிரி சரிவில் பேனல்கள், பின்னால் தாழ்வாக ஒரு சூரியன். அது ஜெர்மனியின் கூரை, ஜெர்மனியின் வானம். பெர்லின் 52 டிகிரி வடக்கில் இருக்கிறது, அங்கே அந்தச் சரிவு சரி. திருச்சி இருப்பது 10.8 டிகிரியில். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தூக்கி வைத்தால்தானே வெயில் நன்றாக விழும்?" என்று வீட்டுக்காரர் கேட்கிறார். சில இன்ஸ்டாலர்களும் தலையாட்டி, பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சரை 25, 30 டிகிரிக்கு அடித்துவிட்டுப் போகிறார்கள். யூனிட்டும் போகிறது, காற்றுக்கான பயமும் கூடுகிறது.

ஆகவே திருச்சியில் உள்ள ஒரு கான்கிரீட் மொட்டை மாடியை எடுத்துக்கொண்டு, 3 கிலோவாட் சிஸ்டத்துக்கு இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தஞ்சாவூர், கரூர், புதுக்கோட்டை வீடுகளுக்கும் இதே கணக்கு அப்படியே பொருந்தும். மதுரை, கோவை, சென்னைக்கு இரண்டொரு டிகிரி மாறும், முடிவு மாறாது.

திருச்சியின் சூரியன் எங்கே நிற்கிறது

மார்கழி முதல் வாரத்தில், அதாவது டிசம்பர் 21-ஐ ஒட்டி, திருச்சியில் உச்சிப்பொழுதுச் சூரியன் தெற்கு வானில் 56 டிகிரி உயரத்தில் இருக்கும். வருடத்திலேயே அது மிகவும் தாழ்ந்து நிற்கும் உச்சிப்பொழுது அதுதான். அப்போதும் அது பாதி வானத்துக்கு மேலேதான் நிற்கிறது. மார்ச், செப்டம்பர் 21 வாக்கில் 79 டிகிரி. ஏப்ரல் 18-ஐ ஒட்டி நேர் தலைக்கு மேல் வந்துவிடும். செங்குத்தாக நட்ட கம்பிக்கு நிழலே விழாத நாள் அது. அதற்குப் பிறகு சூரியன் வடக்குப் பக்கம் தாண்டிப்போய், ஆகஸ்ட் 24 வாக்கில்தான் மறுபடி தலைக்கு மேல் வந்து தெற்கே திரும்பும். வருடத்தில் நான்கு மாதத்துக்கு மேல் நம் ஊரின் உச்சிவெயில் வடக்கிலிருந்து விழுகிறது. ஜூன் 21 அன்று வடக்கு வானில் 77 டிகிரி.

(நம் கடிகாரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது சரியாகப் பன்னிரண்டு மணிக்கு இல்லை. திருச்சியில் சராசரியாகப் பன்னிரண்டே கால். கீழே 'ஒன்பதே கால்', 'மூன்றே கால்' என்று வருவது, உச்சிக்கு மூன்று மணி நேரம் முன்பும் பின்பும்.)

இதை மனதில் வைத்து மூன்று சரிவுகளை ஒப்பிடலாம். பேனலுக்கு நேர்செங்குத்தாக வெயில் விழுந்தால் 100 என்று வைத்துக்கொள்வோம். படுக்கை மட்டமாக வைத்த பேனலுக்கு டிசம்பர் உச்சியில் 83, மார்ச்சில் 98, ஜூனில் 98 கிடைக்கும். தெற்கு பார்த்து 10 டிகிரி சாய்த்தால் டிசம்பரில் 91, மார்ச்சில் 100, ஜூனில் 92. தெற்கு பார்த்து 30 டிகிரி சாய்த்தால் டிசம்பரில் 100, மார்ச்சில் 94, ஜூனில் 74. முப்பது டிகிரிக்காரருக்கு டிசம்பரில் கிடைக்கும் லாபத்தைவிட ஜூனில் போகும் நஷ்டம் பெரியது. அதிலும் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்கள்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். வானம் மூடிக் கிடக்கும் நாட்களுக்காகப் பேனலைத் தூக்கி வைத்துவிட்டு, ஃபேனும் ஏசியும் ஓடும் மாதங்களில் யூனிட்டை விடுவதில் அர்த்தம் இல்லை.

வானத்தின் பங்கு இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் பேனலுக்கு வரும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சூரியனிடமிருந்து நேராக வருவதில்லை. மேகத்திலும் தூசியிலும் சிதறி, வானம் முழுவதிலிருந்தும் வருகிறது. படுத்திருக்கும் பேனல் முழு வானத்தையும் பார்க்கும். பத்து டிகிரி சாய்த்தால் ஒரு சதவீதம்கூடக் குறையாது. முப்பது டிகிரி சாய்த்தால் வடக்குப் பக்கத்து வானம் பேனலின் முதுகுக்குப் பின்னால் போய்விடும், சிதறல் ஒளியில் ஏழு சதவீதம் கிடைக்காது. மேகமூட்ட நாளில் இந்த ஒளியை நம்பித்தான் இன்வெர்ட்டர் ஓடுகிறது.

எல்லாவற்றையும் வருடக் கணக்காகக் கூட்டினால் 10 முதல் 12 டிகிரிதான் திருச்சிக்குச் சிறந்த சரிவு. படுக்கை மட்டத்தைவிட அது சுமார் 2 சதவீதம் அதிகம் தரும். முப்பது டிகிரி வைத்தால் பத்து டிகிரியைவிட நாலைந்து சதவீதம் குறையும்.

இரண்டு சதவீதம்தானே, படுக்கையாகவே போட்டுவிடலாமே என்று தோன்றலாம். வேண்டாம், தண்ணீர் ஓட வேண்டும். ஐந்து டிகிரிக்குக் கீழே போனால் மழைத் தண்ணீர் பேனலின் கீழ் விளிம்பில், அலுமினிய ஃபிரேமின் உதட்டோரம் தேங்கிக் காயும். காய்ந்த இடத்தில் சேறு ஒரு பட்டையாகப் படியும். கீழ் வரிசை செல்கள் அந்தப் பட்டைக்கு அடியில் சிக்கினால், ஒரு அங்குல அழுக்குக்குப் பேனலின் பெரும் பங்கு மின்சாரம் போகும். பத்து டிகிரி என்பது தண்ணீர் தூசியை இழுத்துக்கொண்டு ஓடுவதற்கான குறைந்தபட்சச் சரிவு. வெயில் கணக்கும் தண்ணீர்க் கணக்கும் ஒரே இடத்தில் சேர்வது நம் அதிர்ஷ்டம்.

நோட்டீஸில் எந்தப் படம் போடலாம்

அச்சடிக்கும் இன்ஸ்டாலருக்கு இது. நீங்களே மாட்டிய வீட்டைப் படம் எடுப்பதுதான் நல்லது. வாடிக்கையாளர் தன் மாடியில் அதையே எதிர்பார்ப்பார். பேனலின் தாழ்ந்த விளிம்பு தெற்கில் இருக்கும், ஆகவே மாடியின் தெற்கு ஓரத்தில் நின்று வடக்கு நோக்கி எடுத்தால் பேனலின் முகம் முழுதாகத் தெரியும். டிசம்பர் முதல் மார்ச் வரை, காலை பத்து, பதினொரு மணிக்கு எடுத்தால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், வானமும் நல்ல நீலமாக விழும். பேனலின் முகமும் சூரியனும் ஒரே ஃபிரேமில் பளிச்சென்று தெரிகிற படம் நம் ஊரில் அநேகமாக ஒட்டு வேலை. தெற்கு பார்த்த பேனலின் முகத்தைப் பார்க்கிறவருக்குச் சூரியன் பின்னால்தான் இருக்க முடியும். ஜூன் உச்சியில் அது வடக்கே போனாலும் 77 டிகிரி உயரத்தில், கேமராவுக்கு எட்டாத இடத்தில் நிற்கும்.

வரைபடம் போடுவதானால் பக்கவாட்டுத் தோற்றம் போடுங்கள். ஏழரை அடிப் பேனலுக்குப் பின்பக்கம் முன்பக்கத்தைவிட 16 அங்குலம் உயரம். தெற்கில் 56 டிகிரியில் மார்கழிச் சூரியன், ஏறத்தாழத் தலைக்கு மேல் பங்குனிச் சூரியன், உச்சியிலிருந்து சற்றே வடக்கே ஆனிச் சூரியன். இந்த ஒரு படம் போதும், பக்கத்து வீட்டில் 30 டிகிரி வைத்திருக்கிறார்களே என்ற கேள்விக்குப் பதில் சொல்ல.

தெற்கா, கிழக்கு-மேற்கா

வீடு தெருவை ஒட்டிக் கோணலாக இருக்கும். தெற்கிலிருந்து 20, 30 டிகிரி விலகியிருந்தாலும் 10 டிகிரிச் சரிவில் நஷ்டம் ஒரு சதவீதத்தைத் தாண்டாது. சரியான தெற்கைப் பிடிக்கிறேன் என்று ஸ்ட்ரக்சரைச் சுவருக்குக் கோணலாகத் திருப்பி, நடக்க இடமில்லாமல் செய்துவிட வேண்டாம். சுவருக்கு இணையாகவே போடலாம். திசை பார்க்கும்போது போன் காம்பஸை மாடித் தரையில் வைக்கக் கூடாது, தளத்துக்குள் இருக்கும் கம்பி முள்ளை இழுக்கும். இடுப்பு உயரத்தில் பிடித்து இரண்டு மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பன்னிரண்டே காலுக்கு ஒரு தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு நிழலைப் பார்க்கலாம். அந்தக் கோடு வடக்கு-தெற்கு. கோடையில் நிழல் தெற்குப் பக்கம் விழும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

மாடி குறுகலாக இருந்தால், அல்லது தெற்கே பெரிய மரமோ கட்டடமோ இருந்தால், பாதிப் பேனலைக் கிழக்கும் பாதியை மேற்கும் பார்த்து 10 டிகிரியில் போடும் வழி இருக்கிறது. தெற்கு வைப்பைவிட இரண்டு மூன்று சதவீதம்தான் குறையும், அதுவும் காலை மாலையில் பரவலாகக் கிடைக்கும். ஆனால் இதில் ஒரு மின்சாரச் சிக்கல் உண்டு. நம் சிஸ்டத்தின் ஆறு பேனலில் கிழக்கு மூன்றையும் மேற்கு மூன்றையும் ஒரே ஸ்ட்ரிங்கில் தொடராக இணைத்தால், காலையில் மேற்குப் பேனல்களும் மாலையில் கிழக்குப் பேனல்களும் மொத்த ஸ்ட்ரிங்கையும் பிடித்து இழுக்கும். இரண்டு தனித்தனி எம்பிபிடி, அதாவது ஒவ்வொரு ஸ்ட்ரிங்கிலிருந்தும் அதிகபட்ச மின்சாரத்தைத் தனியே எடுக்கும் உள்ளீடு, உள்ள இன்வெர்ட்டர் தேவை. அப்படிப் பிரித்தால் ஒரு பக்கத்துக்கு மூன்று பேனல்தான். 545 வாட் பேனல் ஒன்று ஓடும்போது 41 வோல்ட் தரும், மூன்றுக்கு 123. பேனல் சூடேறும் மத்தியானத்தில் அது 110-ஐ ஒட்டி இறங்கும். இன்வெர்ட்டர் வேலை தொடங்க 120 வோல்ட் கேட்கிற மாடலாக இருந்தால், நல்ல வெயிலிலேயே அந்தப் பக்கம் விட்டுவிட்டு ஓடும். டேட்டா ஷீட்டில் தொடக்க வோல்டேஜையும் எம்பிபிடி வரம்பையும் பார்த்த பிறகே இந்த வழிக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். தெற்கே இடம் இருக்கிற வீட்டுக்கு இந்தச் சுற்று வழி தேவையில்லை, ஆறையும் ஒரே ஸ்ட்ரிங்கில் தெற்கே வையுங்கள்.

நிழல்தான் பெரிய கணக்கு

திருச்சியில் 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 545 வாட் பேனல் ஆறு, மொத்தம் 3.27 கிலோவாட். வருடத்துக்கு 4,700 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். பத்து டிகிரியை விட்டுப் படுக்கையாகப் போட்டால் இதில் 100 யூனிட் போகும். முப்பது டிகிரி வைத்தால் 200. இப்போது நிழலைப் பாருங்கள். ஆறில் ஒரே ஒரு பேனல் தினமும் மத்தியானம் ஒன்றரை முதல் நாலரை வரை டேங்க் நிழலில் கிடந்தால், ஆறில் ஒரு பங்கில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஐந்தரை சதவீதம். கிட்டத்தட்ட 260 யூனிட். சரிவைப் பற்றி எவ்வளவு பேசினாலும் நிழலுக்கு முன்னால் அது சின்ன விஷயம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு அளந்து பார்ப்போம். மாடி வடக்கு-தெற்காக 40 அடி, கிழக்கு-மேற்காக 30 அடி. வாஸ்துப்படி கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், பத்துக்குப் பத்து மாடிப்படி அறை. அதன் தலையில் தண்ணீர் டேங்க். தரையிலிருந்து டேங்க் உச்சி 4 மீட்டர். சுற்றிலும் 3 அடி கைப்பிடிச் சுவர். கிழக்கே ஐந்தடி தள்ளிப் பக்கத்து வீடு ஒரு மாடி அதிகமாக நிற்கிறது. நம் ஊரில் இது சாதாரணமான அமைப்பு.

டிசம்பர் 21, மாலை மூன்றே கால். சூரியன் தென்மேற்கில் 34 டிகிரி உயரத்தில் இருக்கிறது. 1 மீட்டர் உயரமுள்ள எதற்கும் அப்போது கிழக்கே 1.15 மீட்டரும் வடக்கே 0.9 மீட்டரும் நிழல் நீளும். பேனல் தரையிலிருந்து 0.6 மீட்டர் மேலே இருப்பதால் டேங்கின் உயரத்தை 3.4 மீட்டராக எடுத்துக்கொள்ளலாம். டேங்கின் வடக்கு விளிம்பிலிருந்து நிழல் 3.1 மீட்டர் வடக்கே போகும். டேங்க் தெற்குச் சுவரிலிருந்து இரண்டரை மீட்டர் வரை பரவியிருக்கிறது என்றால், தெற்குச் சுவரிலிருந்து 5.6 மீட்டர் வரை ஆபத்துப் பகுதி. மாடியின் தெற்குப் பாதி கிட்டத்தட்ட போய்விட்டது. பேனல் வடக்குப் பாதிக்குத்தான் போக வேண்டும்.

"தெற்கு பார்த்து வைக்க வேண்டும்" என்பதை "தெற்கு ஓரத்தில் வைக்க வேண்டும்" என்று புரிந்துகொண்டு, டேங்க் அடியிலேயே பேனலை மாட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். முகம் தெற்கே பார்க்கட்டும், இடம் வடக்கே இருக்கட்டும்.

பக்கத்து வீட்டுக்குக் காலை ஒன்பதே கால் கணக்கு. அதன் சுவர் பேனலைவிட 2.4 மீட்டர் உயரம், நிழல் மேற்கே 2.8 மீட்டர் வரும். இடையில் ஒன்றரை மீட்டர் சந்து. ஆக நம் மாடிக்குள் 1.3 மீட்டர். கிழக்குச் சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளினால் போதும்.

இனி பேனல்களை வைப்போம். ஒரு பேனல் 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம், 28 கிலோ. நீளப் பக்கம் வடக்கு-தெற்காக வரும்படி நிற்க வைத்து மூன்று மூன்றாக இரண்டு வரிசை என்றால் அகலம் மூன்றரை மீட்டர். பத்து டிகிரியில் பின் விளிம்பு 40 சென்டிமீட்டர் உயரும். அதன் நிழல் டிசம்பரில் காலை ஒன்பதே காலுக்கு வடக்கே 36 சென்டிமீட்டரும், எட்டே காலுக்கு 50 சென்டிமீட்டரும் நீளும். வரிசைகளுக்கு இடையில் அரை மீட்டர் விட்டால் நடக்கவும் துடைக்கவும் இடம் கிடைக்கும், நிழலும் ஏறாது. மொத்தம் வடக்கு-தெற்காக 5 மீட்டர். தெற்குச் சுவரிலிருந்து 5.6 மீட்டரில் தொடங்கினால் 10.6-இல் முடியும், வடக்கே ஒன்றரை மீட்டர் நடைபாதை மிச்சம். இதே பேனல்களை 30 டிகிரிக்குத் தூக்கினால் பின் விளிம்பு 1.14 மீட்டர் உயரும், வரிசை இடைவெளி மட்டும் 1.4 மீட்டர் வேண்டும்.

வடக்குப் பக்கத்தையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். ஜூனில் சூரியன் வடகிழக்கிலிருந்து ஏறும், ஆகவே வடக்கே இருக்கும் பொருளும் தெற்கே நிழல் தரும். ஒன்பதே காலுக்கு 1 மீட்டர் உயரத்துக்கு 38 சென்டிமீட்டர். மூன்றடிக் கைப்பிடிச் சுவரால் ஒன்றும் ஆகாது. வடக்குச் சுவரோரம் டிஷ் ஆன்டெனா அல்லது தென்னை இருந்தால் கவனிக்க வேண்டும்.

கீழ் விளிம்பில் நிழல் விழுவதைத் தவிர்க்கவே முடியாத மாடிகள் உண்டு. அங்கே பேனலை நிற்க வைக்காமல், அதே சரிவில் நீளப் பக்கம் கிழக்கு-மேற்காக வரும்படி படுக்க வைத்து மாட்டுங்கள். பாதி வெட்டிய செல்களைக் கொண்ட இப்போதைய பேனலை நிற்க வைத்தால், கீழே ஒரு சாண் நிழல் விழுந்தாலும் பாதிப் பேனல் போகும். படுக்க வைத்தால் அதே நிழலுக்கு, நிழல் விழுந்த செல்களைச் சுற்றி மின்சாரத்தைத் தாண்டவிடும் ஒரு பைபாஸ் டையோடின் பங்கு, மூன்றில் ஒன்றுதான் போகும்.

தாழ்வான ஸ்ட்ரக்சரா, எட்டடி உயரமா

மேலே பார்த்த வீட்டில் தாழ்வான ஸ்ட்ரக்சரே போதும். எட்டடி உயரத்தில் தூக்கினால் என்ன மாறும்? பேனல் மாடிப்படி அறையின் உயரத்துக்கு வந்துவிடும். பக்கத்து வீட்டு நிழலும் கைப்பிடிச் சுவர் நிழலும் கணக்கிலிருந்து போகும். டேங்க் 1.6 மீட்டர்தான் மேலே தெரியும், வடக்கே ஒன்றரை மீட்டர் விட்டால் போதும். மாடி சின்னதாக இருந்து, டேங்கைத் தவிர்க்க இடமே இல்லாத வீட்டுக்கு இது நியாயமான செலவு. துணி காயப்போட, வடகம் பிழிய மாடி முழுவதும் வேண்டும் என்கிற வீட்டுக்கும் சரி. பேனலுக்கு அடியில் காற்று நன்றாக ஓடுவதால் சூடும் கொஞ்சம் குறையும்.

விலை இரும்பிலும் காற்றிலும் இருக்கிறது. இரும்பு இரண்டு மடங்குக்கு மேல் போகும். காற்றின் கணக்கு இன்னும் முக்கியம். கட்டடங்களுக்கான ஐ.எஸ். 875 தரநிலை திருச்சிக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 47 மீட்டர், மணிக்கு 169 கிலோமீட்டர். சென்னைக்கு 50 மீட்டர், மதுரைக்கு 39. 47 மீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் 135 கிலோ அளவுக்கு அழுத்தும். ஆறு பேனலின் பரப்பு 15.5 சதுர மீட்டர், அதாவது 2,000 கிலோவுக்கு மேல். அத்தனையும் தூக்கும் விசையாக மாறாது, சரிவும் உயரமும் மாடி விளிம்பிலிருந்து உள்ள தூரமும் பார்த்து அதில் ஒரு பங்குதான் தூக்கும். பத்து டிகிரியில், கைப்பிடிச் சுவருக்குள், மாடி நடுவில் இருக்கும் தாழ்வான ஸ்ட்ரக்சருக்கு அந்தப் பங்கு குறைவு. எட்டடி உயரத்தில் அடியில் காற்று தடையில்லாமல் நுழையும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி டெல்டாவைத் தாண்டிப் போனதைப் பார்த்த ஊர்களில் இந்தக் கணக்கைக் கேட்காமல் எலிவேட்டட் ஸ்ட்ரக்சருக்குக் கையெழுத்துப் போடக் கூடாது. தூண்கள் கீழே உள்ள பீம் அல்லது சுவர் மேல் உட்கார வேண்டும், தளத்தின் நடுவில் அல்ல. தூணுக்குத் தூண் குறுக்குக் கம்பி வேண்டும்.

துடைப்பதும் ஒரு பிரச்சினை. தரையில் நின்று துடைக்க முடிகிற பேனலைத்தான் வீட்டில் துடைப்பார்கள். எட்டடி உயரத்தில் நடைபாதையோ நிலையான ஏணியோ இல்லாவிட்டால் மழையை நம்பி விட்டுவிடுவார்கள், மாசி பங்குனியில் மழையும் வராது. துடைக்கும் தண்ணீர் போர்வெல் உப்புத் தண்ணீராக இருந்தால் காய விடாமல் வைப்பரால் இழுத்துவிட வேண்டும், இல்லையேல் வெள்ளைத் திட்டு படியும். காலையில் கண்ணாடி சூடேறும் முன் செய்ய வேண்டிய வேலை அது.

மானியத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. 2024-இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ. 78,000, உயரம் எதுவானாலும் அதே தொகை. உள்நாட்டில் செய்த செல் கொண்ட பேனலாக இருக்க வேண்டும், pmsuryaghar.gov.in வழியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். ஸ்ட்ரக்சருக்கான கூடுதல் செலவு முழுதும் உங்கள் கையிலிருந்து.

தளத்தில் எப்படிப் பிடிப்பது

மூன்று வழி. வெறும் கான்கிரீட் கட்டையின் எடையில் நிற்க வைப்பது ஒன்று. தட்டோட்டின் மேலேயே துளை போட்டு ஆங்கர் போல்ட் அடிப்பது இன்னொன்று. தளத்தைத் திறந்து போல்ட் வைத்து அதன்மேல் பெடஸ்டல் வார்ப்பது மூன்றாவது.

முதல் வழியில் ஓர் அடிக் கனசதுரக் கட்டை 65 கிலோ. எட்டுக் காலுக்கு எட்டுக் கட்டை, 520 கிலோ. மேலே சொன்ன காற்றுக் கணக்குக்கு முன்னால் இதை மட்டும் நம்பி இருக்க முடியாது. சில வருடத்தில் மேலே மாடி எடுக்கப் போகிறவர்கள் கழற்றுவதற்கு வசதியாக இதைக் கேட்பார்கள். அப்போது கட்டையின் எடையைக் கூட்டி, கட்டைகளை ஒன்றோடொன்று ஆங்கிளால் கட்டிவிட வேண்டும்.

இரண்டாவது வழிதான் வேகமானது, அதனால்தான் நிறைய நடக்கிறது. நம் ஊர் மாடியின் குறுக்கு வெட்டை நினைத்துப் பாருங்கள். மேலே தட்டோடு, அதற்கடியில் மூன்று நான்கு அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுர்க்கி, அதற்கும் அடியில்தான் நாலரை, ஐந்து அங்குல கான்கிரீட் தளம். நான்கு அங்குல ஆங்கர் போல்ட்டை ஓட்டின் மேலிருந்து அடித்தால் அது முடிவது சுர்க்கியில். கான்கிரீட்டையே தொட்டிருக்காது. முறுக்கும்போது இறுகுவது போலத் தெரியும், ஓர் ஆடிக் காற்றில் ஆட ஆரம்பிக்கும். ஆடிய துளை வழியாக ஐப்பசி மழை இறங்கி, படுக்கையறை சீலிங்கில் ஈரம் காட்டும். துளையிடும்போது வெளியே வரும் பொடியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சிவப்பாக வந்தால் இன்னும் சுர்க்கியில் இருக்கிறீர்கள், சாம்பல் நிறமாக மாறினால்தான் கான்கிரீட்.

நீண்ட நாளுக்கு நிற்பது மூன்றாவது வழிதான். கால் வரும் இடத்தில் மட்டும் ஓர் அடிக்கு ஓர் அடி தட்டோட்டையும் சுர்க்கியையும் வெட்டி எடுத்து, கான்கிரீட்டைச் சுத்தமாக வெளியே கொண்டுவர வேண்டும். அதில் 3 அங்குலத்துக்குக் குறையாமல் துளை போட்டு, ஊதியும் பிரஷ் விட்டும் தூசியை எடுத்து, கெமிக்கல் ஆங்கரில் கம்பியை நட வேண்டும். தூசியோடு விட்டால் கெமிக்கல் தூசியைத்தான் பிடிக்கும். தளத்தின் அடி வரை துளை இறங்கிவிடாமல் டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்வது நல்லது. மறுநாள் வெட்டிய குழியோடு சேர்த்து ஓர் அடி பெடஸ்டல் வார்த்து, அடியைச் சுற்றி மூன்று அங்குலச் சரிவாகப் பூசி, ஓட்டோடு சேரும் இடத்தில் வாட்டர்ப்ரூஃப் பூச்சு இரண்டு கோட் அடிக்க வேண்டும். ஏழு நாள் தண்ணீர் ஊற்றிய பிறகே ஸ்ட்ரக்சரை ஏற்ற வேண்டும். காலையில் வார்த்து மாலையில் பேனல் மாட்டிவிடுகிறோம் என்பவரிடம் வேலை கொடுக்க வேண்டாம்.

பெடஸ்டல்களை மழைத் தண்ணீர் ஓடும் வாட்டத்துக்குக் குறுக்கே வரிசையாக வைத்து அணை கட்டிவிடவும் கூடாது. வார்க்கும் முன் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தால், அது எந்தக் குழாயை நோக்கி ஓடுகிறது என்று தெரியும்.

பேனல் ஏற்றி, கிளாம்ப் போல்ட்களைக் கடைசியாக இறுக்கும் முன் டேப் பிடித்துப் பாருங்கள். நிற்க வைத்த பேனலின் கீழ் விளிம்பு உயரத்துக்கும் மேல் விளிம்பு உயரத்துக்கும் வித்தியாசம் 40 சென்டிமீட்டர் என்றால் 10 டிகிரி. 47 என்றால் 12 டிகிரி. 20-தான் வருகிறது என்றால் 5 டிகிரி, பின் காலுக்கு ஸ்பேசர் வைக்கச் சொல்லுங்கள். வாட்டம் உள்ள மாடியில் தரையிலிருந்து அளந்தால் கணக்குத் தப்பும், ஆகவே நடுவில் ஒரு டியூப் லெவல் பிடித்து அதிலிருந்து அளக்க வேண்டும். மூன்று பேனலின் மேல் விளிம்பும் ஒரே நூலில் வருகிறதா என்றும் பாருங்கள். ஒன்று மட்டும் தூக்கலாக இருந்தால் அந்த ஃபிரேம் முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்று பொருள். அதை அப்படியே இறுக்கினால் கண்ணாடிக்குள் இருக்கும் செல்லில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். ரெயிலை நேராக்கிவிட்டுப் பிறகு இறுக்கச் சொல்லுங்கள்.